சொன்னபடி வராத சரக்கைத் திருப்பிவிடலாமா?

ஊராட்சி ஒன்று மின்மோட்டார் வாங்குகிறது. பால் உற்பத்தியாளர் சங்கம் ஒன்று மாட்டுத் தீவனம் வாங்குகிறது. உழவர் ஒருவர் விதைக் கடலை வாங்குகிறார். வந்து சேர்ந்த பொருள் பேசியபடி இல்லையென்றால் வாங்கியவர் வாயில் முதலில் எழும் சொல், "உன் சரக்கை நீ எடுத்துப் போ, என் பணத்தைக் கொடு" என்பதேயாகும். அவ்வாறு சொல்லும் உரிமை அவருக்குச் சில வேளைகளில் உண்டு. சில வேளைகளில் இல்லை. இல்லாத இடத்தில் சொல்லிவிட்டால், குற்றம் செய்த விற்பனையாளரை விட்டுவிட்டு, குறை கூறியவரே ஒப்பந்தத்தை முறித்தவராகி நஷ்டஈடு கட்ட நேரிடும். உரிமை உண்டா இல்லையா என்பதைச் சரக்கின் குறை மட்டும் தீர்மானிப்பதில்லை. மீறப்பட்ட ஷரத்து எந்த வகையைச் சேர்ந்தது என்பதே அதைத் தீர்மானிக்கிறது. இவ்வகைகளைப் பற்றி, மாட்டுத் தீவனம் ஏற்றி வந்த ஒரு கப்பலின் வழக்கைக் கொண்டு இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

நம் நாட்டில் பொருள் விற்பனை பற்றிய சட்டம் 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டமாகும். அது 1893ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டத்தை அடியொற்றி எழுதப்பட்டது. அதன் 12ஆம் பிரிவு, ஒப்பந்த ஷரத்துக்களில் இரண்டு வகைகளைப் பெயர் சொல்லிக் கூறுகிறது. ஒன்று, ஒப்பந்தத்தின் முக்கிய நோக்கத்துக்கு இன்றியமையாத ஷரத்து. இதை 'நிபந்தனை' என்பர். இது மீறப்பட்டால் வாங்குபவர் ஒப்பந்தமே முறிந்ததாகக் கொள்ளலாம். சரக்கை ஏற்க மறுக்கலாம். மற்றொன்று, முக்கிய நோக்கத்தோடு ஒட்டி நிற்கும் துணை ஷரத்து. இதை 'உத்தரவாதம்' என்பர். இது மீறப்பட்டால் நஷ்டஈடு கேட்கலாமேயன்றிச் சரக்கைத் தள்ளிவிட முடியாது. கடையில் சீட்டு எழுதிக் கொடுக்கிறார்களே ஓராண்டு, ஈராண்டு 'வாரண்டி' என்று, அந்தச் சொல்லோடு இதைக் குழப்பிக்கொள்ளலாகாது. கடைச் சீட்டு பழுது பார்த்துத் தருவதாகச் சொல்லும் ஒரு வாக்கு. சட்டம் சொல்லும் உத்தரவாதமோ ஷரத்தின் தரத்தைக் குறிப்பது.

இவ்விரண்டின் வேறுபாட்டை 1876ஆம் ஆண்டு இலண்டனில் தீர்ப்பான இரண்டு வழக்குகள் தெளிவாகக் காட்டுகின்றன. இரண்டும் பாடகர்களைப் பற்றியவை. ஆயினும் நெல் வியாபாரிக்கும் விளங்கக்கூடியவை. ஒரு பாடகி, புதிய இசை நாடகம் ஒன்றில் தலைமைப் பாத்திரம் ஏற்க ஒப்புக்கொண்டார். நோய்வாய்ப்பட்டமையால் நாடகம் தொடங்கிய நாளிலும் அதற்கடுத்த சில நாட்களிலும் அவரால் மேடையேற இயலவில்லை. நாடகக்காரர்கள் வேறொருவரை அமர்த்திக்கொண்டு, பிறகு வந்த இவரை ஏற்க மறுத்தார்கள். மறுத்தது சரியே என்றது நீதிமன்றம். புதிய நாடகத்தின் முதல் நாட்களில் தலைமைப் பாடகி இல்லையென்றால் ஒப்பந்தத்தில் எஞ்சுவது என்ன? மற்றொரு வழக்கில், ஒரு பாடகர் மூன்றரை மாத காலம் பாட ஒப்புக்கொண்டவர். ஒத்திகைக்காக ஆறு நாள் முன்னதாகவே வந்து சேர வேண்டுமென்றும் ஒப்பந்தத்தில் இருந்தது. அவர் நோயினால் இரண்டு நாள் முன்னதாகத்தான் வந்தார். அமர்த்தியவர் அவரை வேண்டாமென்று அனுப்பிவிட்டார். அனுப்பியது தவறு என்று தீர்ப்பாயிற்று. மூன்றரை மாதப் பாட்டில் நான்கு நாள் ஒத்திகை குறைந்தது துணைக் குறையே. அதற்கு நஷ்டஈடு கேட்கலாம், ஆளையே தள்ள முடியாது.

இவ்வளவும் எளிதே. ஆனால் உலகத்து ஒப்பந்தங்களில் காணும் எல்லா ஷரத்துக்களும் இந்த இரண்டு பெட்டிகளில் ஒன்றில் அடங்கிவிடுமா? 'சரக்கு நல்ல நிலையில் அனுப்பப்பட வேண்டும்' என்பது ஒரு ஷரத்து. ஆயிரம் மூட்டையில் நான்கு மூட்டை ஈரமானாலும் அது மீறப்பட்டதே. ஆயிரமும் புழுத்துப் போனாலும் அது மீறப்பட்டதே. இதை நிபந்தனை என்று முன்கூட்டியே பெயரிட்டால், நான்கு மூட்டைக்காக ஆயிரத்தையும் தள்ளும் உரிமை பிறந்துவிடும். உத்தரவாதம் என்று பெயரிட்டாலோ, ஆயிரம் மூட்டைப் புழுவையும் வாங்கி வைத்துக்கொண்டு நஷ்டஈட்டுக்கு அலைய வேண்டும். இரண்டும் நியாயமாகப் படவில்லை.

இந்தச் சிக்கலுக்கு 1961ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தின் அப்பீல் நீதிமன்றம் ஒரு வழி கண்டது. அது ஒரு கப்பலை 24 மாதக் குத்தகைக்கு எடுத்த வழக்கு. கப்பல் சாதாரணச் சரக்குப் போக்குவரத்துக்கு எல்லா வகையிலும் தகுதியாக இருக்கும் என்று உடையவர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். கப்பலின் எந்திரங்களோ பழையவை. எந்திர அறை ஆட்களோ திறமையற்றவர்கள். 1957ஆம் ஆண்டு முதற் பயணத்திலேயே ஏறத்தாழ ஐந்து வாரம் வீணாயிற்று. ஜப்பானின் ஒசாகாத் துறைமுகத்தில் மேலும் 15 வாரம் பழுது பார்க்க வேண்டியதாயிற்று. இதற்கிடையே கப்பல் வாடகை சந்தையில் பாதிக்கும் கீழாக விழுந்தது. குத்தகைக்காரர்கள் கப்பல் வேண்டாமென்று அறிவித்தார்கள். நீதிபதி டிப்லாக் பிரபு கூறிய விளக்கம் பின்வருமாறு அமைந்தது: கப்பல் தகுதியாக இருக்க வேண்டும் என்ற ஷரத்து ஓர் ஆணி குறைந்தாலும் மீறப்படும், அடிப்பலகை ஓட்டையானாலும் மீறப்படும். ஆகவே அதற்கு முன்கூட்டியே பெயரிடுவதில் பயனில்லை. மீறியதால் என்ன விளைந்தது என்று பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தால் குற்றமற்ற தரப்புக்குக் கிடைக்கவிருந்த பயன் ஏறக்குறைய முழுவதுமே பறிபோயிற்றா? போயிற்றென்றால் ஒப்பந்தத்தை முறிக்கலாம். போகவில்லையென்றால் நஷ்டஈடு மட்டுமே. அந்தக் கப்பலுக்கு இன்னும் 17 மாத காலம் பாக்கி இருந்தது. ஆகவே முறித்தது தவறாயிற்று. குத்தகைக்காரர்களே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாயினர். இத்தகைய ஷரத்தை 'பெயரிடாத ஷரத்து' என்றும், 'இடைப்பட்ட ஷரத்து' என்றும் வழங்குகின்றனர். நிபந்தனையோ உத்தரவாதமோ என்ற பெயர் அதற்கு எழுதும்போது கிடைப்பதில்லை. மீறப்படும்போது விளையும் தீங்கின் அளவே அதன் பலனைத் தீர்மானிக்கிறது.

இனி மாட்டுத் தீவனக் கப்பலுக்கு வருவோம். 1970ஆம் ஆண்டு ஒரு ஜெர்மன் கம்பெனி, ஹாலந்து நாட்டுக் கம்பெனி ஒன்றுக்குப் பன்னிரண்டாயிரம் டன் தீவனம் விற்க ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் ஆரஞ்சு இனப் பழங்களைச் சாறு பிழிந்தபின் எஞ்சும் சக்கையை உலர்த்தி, சிறு குச்சிகளாக அழுத்திச் செய்த தீவனம் அது. நம் செக்கில் எண்ணெய் போக மிஞ்சும் பிண்ணாக்கை ஒத்த பொருள் என்று கொள்ளலாம். வாங்கியவர்கள் அதைப் பிற தானியங்களோடு கலந்து மாட்டுத் தீவனமாக்குபவர்கள். சரக்கு நல்ல நிலையில் கப்பலேற்றப்பட வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் ஒரு ஷரத்து.

அந்தத் தவணைகளில் ஒன்றாக 3,300 டன் அளவில் 'ஹன்சா நார்ட்' என்ற கப்பலில் ராட்டர்டாம் துறைமுகத்துக்கு 1971ஆம் ஆண்டு மே மாதம் வந்து சேர்ந்தது. இதன் ஒப்பந்த விலை சுமார் ஒரு லட்சம் பவுண்டு. அதை வாங்குபவர் முன்னரே செலுத்திவிட்டார். கப்பலின் முதல் அறையில் இருந்த சரக்கில் ஒரு பகுதி சூடேறிக் கெட்டிருந்தது. இரண்டாம் அறையில் இருந்த பெரும் பகுதி நன்றாகவே இருந்தது. வாங்குபவர் இரண்டு அறைச் சரக்கையும் சேர்த்து முழுவதும் வேண்டாமென்று தள்ளி, பணத்தைத் திருப்பிக் கேட்டார். விற்றவர் மறுத்தார். சரக்கு படகுகளிலேயே கிடந்தது.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். கப்பல் வந்து சேர்ந்த காலத்தில் தீவனச் சந்தை விழுந்துவிட்டது. ஒரு லட்சம் பவுண்டுக்கு வாங்கிய அதே சரக்கு, எக்குறையும் இல்லாமல் வந்திருந்தால்கூட அன்று 86,000 பவுண்டுதான் பெறும். பின்னர் ராட்டர்டாம் நீதிமன்றத்தின் உத்தரவின்மேல் அந்தச் சரக்கு விற்கப்பட்டது. ஒரு வணிகர் அதை முப்பதாயிரத்தையொட்டிய பவுண்டுத் தொகைக்கு எடுத்தார். அதே நாளில் அதே விலைக்கு அவர் யாருக்கு விற்றார் என்றால், அதை வேண்டாமென்று தள்ளிய அதே ஹாலந்துக் கம்பெனிக்கே! அவர்கள் அதைத் தம் ஆலைக்குக் கொண்டு சென்று, மற்றச் சரக்கோடு வழக்கத்தினும் சற்றுக் குறைந்த விகிதத்தில் கலந்து, முதலில் எதற்காக வாங்கினார்களோ அதற்கே, அதாவது மாட்டுத் தீவனத்துக்கே பயன்படுத்தினார்கள். மாடுகள் தின்றன. ஒரு லட்சம் கொடுத்து வாங்கியதை முப்பதாயிரத்துக்கு அடைந்துவிட்டு, கொடுத்த ஒரு லட்சத்தையும் திருப்பிக் கேட்பது எப்படியிருக்கும் என்று ஊர்ப் பெரியவர் எவரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்.

எனினும் வழக்கு எளிதில் முடியவில்லை. வியாபார மத்தியஸ்தர்களின் மேல்முறையீட்டுக் குழு வாங்கியவருக்குச் சாதகமாகச் சொன்னது. முதல் நீதிமன்றமும் அப்படியே சொன்னது. சட்டம் நிபந்தனை, உத்தரவாதம் என்ற இரண்டைத்தான் கூறுகிறது, 'நல்ல நிலையில்' என்பது நிபந்தனை, எனவே சிறு மீறலுக்கும் முழுச் சரக்கைத் தள்ளலாம் என்பது அந்த வாதம். 1975இல் அப்பீல் நீதிமன்றம் இதை மாற்றியது. டென்னிங் பிரபுவும் உடனிருந்த இரு நீதிபதிகளும் கூறியது யாதெனில், சட்டம் இரண்டு வகைகளைப் பெயர் சொல்லிற்று என்பதனாலேயே மூன்றாவது வகை இல்லையென்று ஆகிவிடாது. பொது ஒப்பந்தச் சட்டத்தின் விதிகள் சரக்கு விற்பனைக்கும் பொருந்தும். 'நல்ல நிலையில்' என்ற ஷரத்து இடைப்பட்டது. சரக்கில் ஒரு பகுதி மட்டும் கெட்டுப்போய், முழுவதும் தீவனமாகவே பயன்பட்ட இந்த வழக்கில் மீறல் ஒப்பந்தத்தின் வேரைத் தொடவில்லை. எனவே தள்ள உரிமை இல்லை. கெட்ட பகுதிக்கான மதிப்புக் குறைவை நஷ்டஈடாகப் பெறலாம், அவ்வளவே.

இந்த வேறுபாடு ரூபாயில் எவ்வளவு ஆகும் என்பதை நம் ஊர்க் கணக்கில் போட்டுப் பார்ப்போம். கணக்குக்காகவே இதைச் சொல்கிறோம். ஒரு சங்கம் கடலைப் பிண்ணாக்கு 100 மூட்டையை, மூட்டை 3,000 ரூபாய் வீதம் மூன்று லட்ச ரூபாய்க்கு வாங்கியது, பணமும் கொடுத்துவிட்டது. சரக்கு வந்த நாளில் சந்தை விலை 2,500 ஆகிவிட்டது. வந்ததில் 20 மூட்டை நனைந்து, மூட்டைக்கு 1,800 ரூபாய்தான் பெறும். மீறப்பட்ட ஷரத்து உத்தரவாதம் அல்லது தீங்கு சிறிதான இடைப்பட்ட ஷரத்து என்றால், நல்ல மூட்டையின் மதிப்பான 2,500க்கும் நனைந்ததன் மதிப்பான 1,800க்கும் உள்ள வேறுபாடு 700 ரூபாய். 20 மூட்டைக்கு 14,000 ரூபாய் நஷ்டஈடாகக் கிடைக்கும். சந்தை விழுந்த 500 ரூபாய் சங்கத்தின் தலையிலேயே நிற்கும்; ஏனெனில் அது விற்றவரின் குற்றத்தால் வந்ததன்று. ஆனால் அது நிபந்தனையாக இருந்து நூறு மூட்டையையும் தள்ள முடிந்தால், மூன்று லட்சத்தைத் திரும்பப் பெற்று, அதே நாளில் இரண்டரை லட்சத்துக்கு வேறு 100 மூட்டை வாங்கிவிடலாம். சங்கத்துக்கு மீதி 50,000 ரூபாய். ஒரே குறை, ஒரே சரக்கு. ஷரத்தின் வகை மாறியதும் 14,000 என்பது 50,000 ஆகிறது. சந்தை ஏறியிருந்தால் இதே சங்கம் நனைந்த மூட்டையைப் பற்றி வாய் திறவாமல் அனைத்தையும் இறக்கிக்கொண்டிருக்கும் என்பதும் உண்மையே. விலை விழுந்த காலத்தில் சரக்கில் குறை காணும் கண் கூர்மையாகிறது. இடைப்பட்ட ஷரத்து என்ற கருத்து பிறந்ததற்கு இந்த மனித இயல்பும் ஒரு காரணம் என்று நாம் கருதுகிறோம்.

அப்படியானால் எல்லாவற்றையும் விளைவைப் பார்த்தே தீர்த்துவிடலாமே, நிபந்தனை என்று ஒரு வகை எதற்கு என்று கேட்கலாம். இதற்கு விடை, மற்றொரு மாட்டுத் தீவன வழக்கில் கிடைக்கிறது. சோயாப் பிண்ணாக்கு மாவு 5,000 டன் கப்பலேற்றுவது பற்றிய அவ்வழக்கை 1981இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்த்தது. கப்பலை அமர்த்துவது வாங்குபவரின் பொறுப்பு. கப்பல் தயாராகும் நாளைக் குறைந்தது 15 நாள் முன்னதாக விற்பவருக்கு அவர் அறிவிக்க வேண்டும். அதன்பின் எந்தத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றுவது என்பதை விற்பவர் சொல்ல வேண்டும். ஜூன் மாத இறுதிக்குள் ஏற்றியாக வேண்டுமாகையால் 13ஆம் தேதிக்குள் அறிவிப்பு வந்திருக்க வேண்டும். 17ஆம் தேதிதான் வந்தது. நாலே நாள் தாமதம். அதனால் விற்பவருக்குப் பெருந்தீங்கு விளைந்ததாக யாரும் காட்டவில்லை. ஆயினும் அது நிபந்தனையே என்றும், விற்பவர் ஒப்பந்தத்தை முறித்தது சரியே என்றும் தீர்ப்பாயிற்று. காரணம், ஒருவர் செய்வதைப் பார்த்தே மற்றவர் தம் பங்கைச் செய்யத் தொடங்க முடியும். அறிவிப்பு தாமதித்தால், அவர் அங்கேயே அப்போதே 'ஒப்பந்தம் இருக்கிறதா, இல்லையா' என்று தெரிந்தாக வேண்டும். விளைவு முற்றும் வரை காத்திருந்து, அது பெரியதா சிறியதா என்று வழக்காடிக் கொண்டிருக்க வியாபாரத்தில் அவகாசம் இல்லை. தேதி என்பது பிடித்தது அல்லது தவறியது. அதில் பாதி ஈரம் என்ற நிலை கிடையாது. ஆகவே வியாபார ஒப்பந்தங்களில் காலம் பற்றிய ஷரத்துக்களைப் பெரும்பாலும் நிபந்தனையாகவும், நிலை, தகுதி, பராமரிப்பு போன்ற அளவில் ஏறியிறங்கும் ஷரத்துக்களைப் பெரும்பாலும் இடைப்பட்டனவாகவும் கொள்வது அந்நாட்டு வழக்காயிற்று. நமது சரக்கு விற்பனைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, பணம் செலுத்தும் காலத்துக்கு மட்டும் ஒரு விலக்கு அளிக்கிறது. வேறு கருத்து ஒப்பந்தத்தில் தெரிந்தாலன்றி, பணம் ஓரிரு நாள் தாமதித்தது கொண்டே விற்பவர் விற்பனையை முறித்துவிட முடியாது.

இங்கிலாந்தின் தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவன அல்ல; ஒரே வாசகமுள்ள சட்டத்துக்கு வழிகாட்டியாக எடுத்துக்கொள்ளத்தக்கன. நம் சட்டத்தில் சில ஷரத்துக்களுக்குச் சட்டமே பெயர் சூட்டியிருக்கிறது. எழுதாவிட்டாலும் இவை ஒப்பந்தத்தில் இருப்பனவாகவே கொள்ளப்படும். விற்பவருக்கு அப்பொருளை விற்க உரிமை இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வர்ணித்துச் சொன்ன பொருளும் வந்த பொருளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இன்ன ரக விதை என்று கூறி வேறு ரகம் அனுப்பினால், அந்த வேறு ரகம் எவ்வளவு நன்றாக விளைவதாயினும் தள்ளலாம். மாதிரி காட்டி விற்றால் மொத்தமும் மாதிரியை ஒத்திருக்க வேண்டும் என்பதும், இன்ன காரியத்துக்கு வேண்டுமென்று சொல்லி, அப்பொருளையே வியாபாரமாக விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால் அது அக்காரியத்துக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனைகளே. ஆழ்துளைக் கிணற்றின் ஆழத்தைச் சொல்லி, அதற்குத் தக்க மோட்டாரைத் தருமாறு கேட்டு வாங்கிய உழவர், நீரை மேலேற்றாத மோட்டாரைத் தள்ளும் உரிமை உடையவர். ஆழம் சொல்லாமல், அட்டவணையில் உள்ள எண்ணைக் காட்டி அதைக் கொடு என்று வாங்கியவருக்கு அந்த உரிமை ஐயத்துக்குரியது. ஆகவே காரியத்தைச் சொல்லி வாங்குவதும், சொன்னதை எழுத்தில் வைத்துக்கொள்வதும் செலவில்லாத காரியங்கள்.

சட்டம் பெயரிடாத மற்ற ஷரத்துக்களுக்கு ஒப்பந்தத்தின் வாசகமே ஆதாரம். இங்கு ஊராட்சி உறுப்பினர்கள் அறிய வேண்டிய ஓர் இடர் உண்டு. நம் டெண்டர் படிவங்களில் முதல் வரி முதல் கடைசி வரி வரை எல்லாவற்றுக்கும் 'நிபந்தனைகள்' என்றே தலைப்பிடுகிறோம். பில் மூன்று பிரதிகளில் வேண்டும் என்பதும் நிபந்தனை. மோட்டாரின் குதிரைசக்தியும் நிபந்தனை. எல்லாவற்றையும் ஒரே பெயரால் அழைத்தால் அந்தப் பெயருக்குச் சட்டத்தில் கனம் இல்லாமற் போகும். 12ஆம் பிரிவின் கடைசி உட்பிரிவும், பெயரைக் கொண்டு அன்றி ஒப்பந்தத்தின் பொருளைக் கொண்டே வகையை முடிவு செய்ய வேண்டும் என்கிறது; உத்தரவாதம் என்று எழுதியது நிபந்தனையாக இருக்கலாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. 1973இல் பிரபுக்கள் சபை தீர்த்த வழக்கில், வாரந்தோறும் ஆறு மோட்டார்க் கம்பெனிகளுக்குச் சென்று வர வேண்டும் என்பதை 'நிபந்தனை' என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். நாலரை ஆண்டில் ஏறத்தாழ 1,500 முறை செல்ல வேண்டியதாகும். ஒரே ஒரு முறை தவறினாலும் ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்பது அவ்வளவு அநியாயமான பொருளாகுமாகையால், அந்தச் சொல் அந்தக் கருத்தில் எழுதப்படவில்லை என்று நீதிபதிகள் பெரும்பான்மையாகக் கூறிவிட்டனர்.

ஆகவே பெயரை எழுதுவதைவிடப் பரிகாரத்தை எழுதுவது மேல். 'ஜூன் 10ஆம் தேதி மாலைக்குள் விதை வந்து சேராவிட்டால் சங்கம் சரக்கை ஏற்க மறுத்துக் கொடுத்த முன்பணத்தைத் திரும்பப் பெறலாம்' என்று எழுதினால் ஐயத்துக்கு இடமில்லை. பட்டம் தவறிய விதை பதருக்குச் சமம் என்பதை நீதிமன்றத்தில் சாட்சி வைத்து நிரூபிக்கும் வேலையும் மிச்சமாகும். அவ்வாறே, 'நூறு மூட்டைக்கு ஐந்து மூட்டை வரை ஈரமிருந்தால் அந்த மூட்டைகளின் விலையை மட்டும் குறைத்துக்கொள்வது. அதற்கு மேற்பட்டால் முழுவதையும் தள்ளலாம்' என்று அளவு குறித்துவிட்டால், இடைப்பட்ட ஷரத்தின் பலனை இரு தரப்பாரும் முன்பே அறிந்தவராவர். ஈரத்தை யார், எங்கே, எப்போது அளப்பது என்பதையும் அத்துடன் எழுத வேண்டும். இல்லையேல் சண்டை ஷரத்தை விட்டு அளவுகோலுக்கு மாறிவிடும்.

நிபந்தனை மீறப்பட்டு, தள்ளும் உரிமை கையில் இருந்தும் அதை இழந்துவிடுவோர் பலர். சரக்கு விற்பனைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, பிரிக்க முடியாத ஒரே ஒப்பந்தத்தில் சரக்கையோ அதில் ஒரு பகுதியையோ வாங்குபவர் ஏற்றுக்கொண்டுவிட்டால், நிபந்தனை மீறலும் உத்தரவாத மீறலாகவே கருதப்படும். வேறு பேச்சு ஒப்பந்தத்தில் இருந்தாலன்றி, பின்பு நஷ்டஈடு மட்டுமே. ஏற்றுக்கொண்டது எப்போது என்பதை 42ஆம் பிரிவு சொல்கிறது. ஏற்றேன் என்று தெரிவித்தாலும் ஏற்பு. சரக்கு தமதே என்பதுபோல் அதை விற்றாலும், கலந்தாலும், விதைத்தாலும் ஏற்பு. ஒன்றும் சொல்லாமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்துக்கொண்டாலும் ஏற்பே. லாரி வந்ததும் 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சிட்ட சீட்டில் காவலாளி கையெழுத்திட்டுவிடுவது பல ஊர்களில் வழக்கமாயிருக்கிறது. பார்க்காத சரக்கைச் சோதிக்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை ஏற்றதாகாது என்பது 41ஆம் பிரிவு. எனவே அச்சீட்டில் 'சோதனைக்கு உட்பட்டுப் பெறப்பட்டது. மூட்டைகள் பிரித்துப் பார்க்கப்படவில்லை' என்று ஒரு வரி எழுதி, தேதியிட்டுக் கையெழுத்திடுவது நலம்.

தள்ளத் தீர்மானித்தால், சரக்கைத் தம் செலவில் திருப்பி அனுப்ப வேண்டுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. ஏற்க மறுப்பதாக விற்றவருக்குத் தெரிவித்தாலே போதும் என்கிறது 43ஆம் பிரிவு. தெரிவிப்பதைத் தபாலில் பதிவு செய்து அனுப்புவதும், குறையுள்ள மூட்டைகளிலிருந்து இருவர் முன்னிலையில் மாதிரி எடுத்து முத்திரையிட்டு வைப்பதும் பின்னால் உதவும். நஷ்டஈடு மட்டுமே உண்டு என்ற நிலையில், விலை இன்னும் முழுவதும் கொடுக்கப்படாதிருந்தால் வழக்குத் தொடுக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 59ஆம் பிரிவு, மதிப்புக் குறைந்த அளவை விலையிலேயே கழித்துக்கொள்ள வாங்குபவருக்கு இடந்தருகிறது. மேலே கண்ட நமது பிண்ணாக்குச் சங்கம் மூன்று லட்சத்தில் 30,000 ரூபாயைச் சரக்கு இறங்கிப் பத்து நாள் கழித்துத் தருவதாகப் பேசி நிறுத்தி வைத்திருந்தால், அந்த 14,000 ரூபாயைத் தானே எடுத்துக்கொண்டு மீதி 16,000 ரூபாயைக் கணக்கோடு அனுப்பியிருக்கலாம்.